மறதியுள்ளவரிடம் சம்மதம் கேட்பது

மறதி தொடங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள முதியவர்களிடம் இ.இ.ஜி. எடுத்து ஆராய வேண்டுமானால், நிறுவனத்தின் நெறிமுறைக் குழு முதலில் அனுமதி தர வேண்டும். ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, அந்தக் குழுவில் மருத்துவர்களோடு சட்டம் அறிந்த ஒருவரும், துறை சாராத பொதுமனிதர் ஒருவரும் இருப்பார்கள். விண்ணப்பத்தின் சுருக்கம் அந்தப் பொதுமனிதருக்கும் புரிய வேண்டும்.

இ.இ.ஜி. மூளைக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. தலைத்தோலில் வைக்கும் மின்முனைகள் வழியாக மூளையின் மெல்லிய மின் அலைகளைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். அதனால் பலர் சுருக்கத்தில் ‘ஆபத்து ஏதுமில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது சோம்பல் எழுதவைக்கும் வரி. சிக்னல் தெளிவாக வர, மின்முனை வைக்கும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள். வயதானவர்களின் மெல்லிய தோல் அதில் சிவக்கக்கூடும். தலையில் எண்ணெய் இல்லாமல் வர வேண்டும், முடிந்ததும் ஜெல் போகத் தலைகுளிக்க வேண்டும், அசையாமல் வெகுநேரம் உட்கார வேண்டும். இவற்றை எழுதி, இடையில் ஓய்வு உண்டு என்பதையும் சேர்த்தால் குழு நம்பும்.

குழு அதிகம் துருவிக் கேட்பது சம்மதத்தைப் பற்றித்தான். எழுபது கடந்த ஒரு பாட்டி மகளோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். அதை வைத்துக் கையெழுத்து வாங்கிவிட முடியாது. “நாங்க என்ன செய்யப்போறோம்னு நீங்களே சொல்லுங்கம்மா” என்று கேட்க வேண்டும். “தலையில ஒயர் வச்சுப் பாப்பீங்க, என் மறதி சரியாயிடும்” என்கிறார். முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை அப்படியே விட்டுவிட்டால் அவர் சம்மதித்தது இல்லாத ஒரு சிகிச்சைக்கு. இது ஆராய்ச்சி மட்டுமே என்று மறுபடி விளக்கி, “பாதியில பிடிக்கலேன்னா?” என்றும் கேட்க வேண்டும். “எழுந்து போயிடுவேன்” என்று சொன்னால் புரிந்திருக்கிறது.

அடுத்த வாரம் அவர் இதை மறந்துபோகலாம். அன்று கொடுத்த சம்மதம் அதனால் செல்லாததாகிவிடாது. ஆனால் இரண்டாம் பதிவுக்கு வரும்போது எல்லாவற்றையும் விளக்கி மறுபடியும் கேட்க வேண்டும். எத்தனை முறை சொல்லியும் புரியவில்லை என்றால், சட்டப்படி அவர் சார்பில் முடிவெடுக்கக்கூடியவர் எழுத்தில் சம்மதம் தரலாம். அப்போதும் பாட்டி கையைத் தட்டிவிட்டாலோ, தொப்பியைக் கழற்றச் சொன்னாலோ பதிவை நிறுத்தியாக வேண்டும். மகள் “பரவாயில்ல, எடுங்க” என்று சொல்வது போதாது.

முடிவுகளை என்ன செய்வீர்கள் என்பதும் சுருக்கத்தில் இருக்க வேண்டும். அல்சைமர் நோயாளிகளை மொத்தமாகப் பார்த்தால் அலைகளின் வேகம் குறைவது தெரிகிறது. ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவருக்கு நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. எனவே பாட்டிக்கு ‘ரிசல்ட்’ தர மாட்டோம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். எதிர்பாராமல் வலிப்புக்கான அறிகுறி தெரிந்தால், அதைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் யார், குடும்பத்துக்கு யார் சொல்வார் என்பதையும் எழுத வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவரை இப்படி ஓர் ஆய்வுக்கு அழைத்தால், தகவல் படிவத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் அதில் இருக்க வேண்டும்.