ஒரு பல்லின் முழு விலை

கடைவாய்ப் பல் ஒன்று இரவெல்லாம் குத்தி வலிக்கிறது. மறுநாள் பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சொத்தை நரம்புவரை சென்றுவிட்டது, ரூட் கனால் செய்யவேண்டும் என்கிறார். வீட்டார் கேட்கும் முதற்கேள்வி, “எவ்வளவு ஆகும்?” என்பது. ஒரு தொகை சொல்லப்படுகிறது. அடுத்த தெருவிலுள்ள மருத்துவமனையில் விசாரித்தால் அதில் பாதி சொல்லுகிறார்கள். குறைந்த தொகை சொன்ன இடத்துக்குக் குடும்பம் போய்ச் சேருகிறது. இரண்டு தொகைகளும் ஒரே வேலைக்குரியவைதாமா என்று எவரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அவை ஒரே வேலைக்குரியவை அல்ல.

ரூட் கனால் என்பது என்னவென்று முதலில் தெளிவோம். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் கலந்த மென்மையான கூழ் உண்டு. அது வேர்களினூடே மெல்லிய கால்வாய்களாக இறங்குகிறது. சொத்தையின் கிருமிகள் அக்கூழை அழுகச்செய்தபின், மருத்துவர் பல்லின் மேற்புறத்தைத் திறந்து, நுண்ணிய அரங்களால் கால்வாய்களைச் சுரண்டி, மருந்துநீரால் கழுவி, நுனிவரை ஒருவகைப் பிசினால் அடைக்கிறார். முன்பல்லுக்குப் பொதுவாக ஒரே கால்வாய். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று, சிலசமயம் நான்கு. மேல் கடைவாய்ப் பல்லில் நான்காவது கால்வாய் கண்ணுக்கு அகப்படாமல் ஒளிந்திருப்பதும் உண்டு. கடைவாய்ப் பல்லுக்குக் கட்டணம் கூடுதல் என்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே விசாரிக்கும்போது எந்தப் பல்லென்று சொல்லாமல் தொகை கேட்பதில் பொருளில்லை.

இவ்வளவும் முடிந்தபின்பும் பல்லின் வேலை முடியவில்லை. வேர் குணமாயிற்றே தவிர, மேலே எஞ்சியிருப்பது சொத்தையும் துளையும் போக மிஞ்சிய மெல்லிய சுவர். அதைக் கட்டி எழுப்பவேண்டும். கடைவாய்ப் பல்லாயின் அதன்மேல் உறையும் போடவேண்டும். ‘கேப்’ என்று நாம் வழக்கமாகச் சொல்லுவது அதைத்தான். எனவே எக்ஸ்ரே, ரூட் கனால், கட்டி எழுப்புதல், உறை ஆகிய நான்கும் சேர்ந்ததே அப்பல்லின் விலை. விளம்பரப் பலகையில் இருப்பதோ அநேகமாக இரண்டாவது மட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். இவை கணக்கை விளக்குவதற்காக நாம் எடுத்துக்கொண்டவை. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு முதல் மருத்துவமனை ரூ. 2,500 என்கிறது; இரண்டாவது ரூ. 4,500 என்கிறது. முதலாவதில் விவரம் கேட்டால், எக்ஸ்ரே மூன்று தேவை, ஒவ்வொன்றும் ரூ. 200, நான்கு முறை வரவேண்டும், ஒவ்வொரு முறையும் ரூ. 200, பல்லைக் கட்டி எழுப்ப ரூ. 1,000, உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய உறைக்கு ரூ. 4,500. ஆக மொத்தம் ரூ. 9,400. இரண்டாவதில் எக்ஸ்ரேயும் வருகைகளும் கட்டி எழுப்புதலும் அந்த ரூ. 4,500க்குள் அடக்கம், அதேவகை உறைக்கு ரூ. 4,000. மொத்தம் ரூ. 8,500. ரூ. 2,000 மலிவென்று எண்ணி நுழைந்த இடத்தில் ரூ. 900 அதிகமாகக் கொடுத்து வெளிவருகிறோம்! முதல் மருத்துவர் பொய்யேதும் சொல்லவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும் விடை சொன்னார்.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, “இந்தப் பல் உறையும் போட்டு முடியும்வரை மொத்தம் எவ்வளவு? அதில் எவையெவை அடங்கும்?” என்பதாகும். விடையை ஒரு சீட்டில் எழுதித் தரும்படி கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. துணிக்கடையில் மீட்டர் விலையை மூன்றுமுறை விசாரிக்கும் நம் தாய்மார்கள், மருத்துவர் முன்னால் மட்டும் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். கேட்டால் மரியாதைக் குறைவாகும் என்னும் எண்ணம் தவறு. எழுதித்தர மறுக்கும் இடத்தைவிட்டு வேறிடம் விசாரிப்பது நலம்.

உறையின் வகையே தொகையை அதிகம் ஏற்றுவது. முழு உலோக உறை விலை குறைந்தது, உறுதியானது, அதற்காகப் பல்லை அராவவேண்டிய அளவும் குறைவு. வெள்ளி நிறம் என்பதால் பலர் அதை ஒதுக்குகின்றனர். ஆனால் சிரித்தாலும் தெரியாத கடைசிப் பல்லுக்கு அது போதாதென்று சொல்ல நமக்குக் காரணம் தென்படவில்லை. உலோகத்தின்மேல் பீங்கான் பூசியது நடுத்தர விலை. காலப்போக்கில் பீங்கான் சில்லு பெயரலாம், ஈறோரம் கருங்கோடு தெரியலாம். ஜிர்கோனியா என்பது உலோகமற்றது, பல்லின் நிறமுடையது, வலியது. விலையும் ஏறக்குறைய இரு மடங்காகும். இத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று அதற்கு ஓர் அட்டை தருவார்கள். அந்த அட்டை உறை உடைவதற்கு மட்டுமா, உள்ளே பல்லே கெட்டுப்போனாலும் செல்லுமா என்று கேட்டறியவேண்டும். பெரும்பாலும் உறைக்கு மட்டுமே செல்லும். ரூட் கனால் பலிக்காமல் மீண்டும் செய்ய நேர்ந்தால் அச்செலவு யாருடையது என்பதும் தொடக்கத்திலேயே கேட்கத்தக்கது. ஏனெனில் மறுமுறை செய்வது கடினம், கட்டணமும் கூடும்.

எல்லாப் பல்லுக்கும் உறை வேண்டுமா? வேண்டியதில்லை. சிறு துளையோடு முழுமையாக நிற்கும் முன்பல்லுக்கு நல்ல அடைப்பே போதுமாகலாம். “இந்தப் பல்லுக்கு உறை ஏன்?” என்று கேட்டால் மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்குவார். அவ்வாறே, “ஈறுக்குமேல் உறையைத் தாங்கப் போதிய பல் மீதி இருக்கிறதா?” என்பதையும் ரூட் கனாலுக்கு முன்பே கேட்கவேண்டும். மீதியே இல்லாத பல்லுக்குச் செலவிடுவது வீண். அதைப் பிடுங்கிவிடுவதே நேர்மையான ஆலோசனையாக இருக்கும்.

நம் குடும்பங்களில் பணம் அதிகமாய் வீணாவது எங்கே தெரியுமா? முதல் வருகையில் நரம்பு எடுக்கப்பட்டதும் வலி நின்றுவிடுகிறது. “இனி எதற்கு?” என்று பலர் திரும்பிப் போவதில்லை. மேலே வைத்த தற்காலிக அடைப்பு சில வாரங்களில் தேய்ந்து கசிகிறது. எச்சிலோடு கிருமிகள் மீண்டும் உள்ளே இறங்குகின்றன. வேறு சிலர் ரூட் கனாலை முடித்து, உறையைத் திருவிழாவுக்குப் பின், அறுவடைக்குப் பின் என்று தள்ளிப்போடுகிறார்கள். ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் பிளக்கிறது. பிளவு வேர்வரை சென்றால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. பிறகு அவ்விடத்தில் பாலம் கட்டுவதானால் இருபுறமும் உள்ள நல்ல பற்களையும் அராவி, மூன்று உறைகளின் விலை கொடுக்கவேண்டும். எனவே முழுத்தொகைக்கும் வழியில்லாதவர், எந்தக் கட்டத்தில் எவ்வளவு தரவேண்டும் என்று முன்னரே பேசித் தவணையாகக் கொடுப்பது சிறப்பு. உறைக்குரிய பணத்தை, உறைக்கு அளவெடுக்கும் நாளுக்கு முன் கொடுக்கவேண்டிய அவசியம் பொதுவாக இல்லை.

வேலை முடிந்தபின் எடுக்கும் கடைசி எக்ஸ்ரேயின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் வேர்களினுள் வெண்ணிறக் கோடுகள் தெரியும். அவை நுனிக்கு ஓரிரு மில்லிமீட்டர் அருகில் வரை சென்றிருந்தால் நன்று. பாதி வேரிலேயே நின்றிருந்தால் காரணம் கேளுங்கள். பின்னாளில் வேறு ஊரில் வலி வந்தாலும் புதிய மருத்துவருக்கு அந்தப் படம் உதவும்.

தனியார் கட்டணம் எட்டாதவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் 1953இல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரியோடு, தனியார் கல்லூரிகளும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நடைபெறுகின்றன. அங்கே பயிற்சி மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வதால் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் காத்திருப்பு நீளும். வெளியில் இரண்டு வருகையில் முடிவது அங்கே ஐந்தாறு வருகையாகலாம். நாட்கூலிக்குச் செல்பவர் இழக்கும் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கவேண்டும். உறைக்குத் தனிக்கட்டணம் உண்டா என்பதைச் சீட்டுப் பதியும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.