கோல் கம்பத்துக்கு முன்னால் கால்

வலைப்பந்தாட்டத்துக்குப் புதிய வகுப்பிடம் பந்தைக் கொடுத்தால், எல்லோரும் முதலில் கம்பத்தடிக்குத்தான் ஓடுவார்கள். இலங்கையில் பெண்கள் பள்ளிகள் பலவற்றில் பார்க்கக்கூடிய காட்சி இது. ஆனால் கோல் போடக் கற்றுக்கொடுக்க விரும்பும் ஆசிரியர் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். எறிவது கையாக இருந்தாலும், எங்கிருந்து எறியலாம் என்பதைத் தீர்மானிப்பது கால்.

விதி எளிது. பந்தைப் பிடிக்கும்போது முதலில் தரையில் ஊன்றிய கால்தான் ஊன்றுகால். அதை அப்படியே வைத்துக்கொண்டு மற்றக் காலை எந்தத் திசைக்கும் எடுத்து வைக்கலாம், ஊன்றுகாலில் சுழன்று திரும்பலாம். ஊன்றுகாலைத் தூக்கவும் செய்யலாம். ஆனால் அது மறுபடி தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். ஊன்றுகாலை இழுத்தாலும் நொண்டியடித்தாலும் தவறு. பந்து எதிரணிக்குப் போய்விடும். இரண்டு காலும் ஒரே நேரத்தில் ஊன்றினால், எது ஊன்றுகால் என்பதை வீராங்கனையே தேர்ந்துகொள்ளலாம். பந்தைக் கையில் வைத்திருக்க 3 விநாடிதான் அனுமதி. கூடைப்பந்து போலத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது.

இதைப் பந்தில்லாமலே சொல்லிக்கொடுக்கலாம். பிள்ளைகள் ஓடட்டும், விசில் ஊதியதும் நின்று, எந்தக் கால் முதலில் ஊன்றியது என்று உரக்கச் சொல்லட்டும். பாதிப் பேருக்குத் தெரியாது. தன் காலைத் தானே கவனிக்காதவர்கள்தான் நாம் எல்லோரும். பதில் தடுமாறாமல் வந்த பிறகு பந்தைக் கொடுங்கள். அப்போது ஆசிரியர் பந்தைப் பார்க்காமல், முழங்காலுக்குக் கீழேயே பார்க்க வேண்டும். முழங்காலை விறைப்பாக வைத்து இறங்கும் பிள்ளைக்கு ஓட்டத்தின் வேகம் அடங்காமல் ஓரடி கூடிவிடும். "முழங்காலை மடக்கி இறங்கு" என்ற ஒரு சொல்லிலேயே பெரும்பாலும் அது சரியாகும்.

இப்போது கம்பத்துக்கு வருவோம். உயரம் 3.05 மீட்டர். வளையத்தின் உள்விட்டம் 38 சென்டிமீட்டர், பந்தின் விட்டம் ஏறக்குறைய 22. பின்னால் பலகை கிடையாது. பட்டுத் திரும்பி விழும் கோலை இங்கே எதிர்பார்க்க முடியாது. தட்டையாக எறிந்த பந்து ஏன் உள்ளே போகாது என்று கரும்பலகையில் வரைந்தே காட்டலாம். 30 பாகை சாய்வில் வரும் பந்துக்கு அந்த 38 சென்டிமீட்டர் வளையம் 19 சென்டிமீட்டர் இடமே கொடுக்கும். பந்து விளிம்பில் படாமல் நுழைய வழியே இல்லை. 60 பாகையில் இறங்கினால் 33 சென்டிமீட்டர் கிடைக்கிறது. உயர எறியச் சொல்வதன் காரணம் இதுதான்.

நிற்கும் முறை: பாதங்கள் தோளகலத்தில், உடல் கம்பத்தை நோக்கி. பந்து தலைக்கு மேலே ஒரு கையின் விரல்களில் இருக்கட்டும், உள்ளங்கையில் ஒட்டக்கூடாது. மற்றக் கை பக்கத்தில் தாங்கினால் போதும். முழங்காலும் முழங்கையும் சேர்ந்து மடங்கி, சேர்ந்து நிமிர, மணிக்கட்டு கடைசியில் மடிந்து பந்தை விடுகிறது. முதலில் கம்பத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி நிற்க வையுங்கள். தவறும் பந்தே காரணத்தைச் சொல்லும்: எல்லாம் வளையத்துக்கு முன்னாலேயே விழுந்தால் முழங்கால் வேலை செய்யவில்லை, எப்போதும் ஒரே பக்கம் விலகினால் முழங்கை வெளியே போகிறது.

உயரமானவர்தான் கோல் போட முடியும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் 208 சென்டிமீட்டர் உயரம். அவரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். குட்டையானவருக்குக் கைகொடுப்பது கால்.

ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். கோல் வட்டத்துக்குள் பந்தைப் பிடித்து, வலது காலில் இறங்குகிறாள் ஒரு சிறுமி. எதிரே தடுப்பவள் கையை உயர்த்தி நிற்கிறாள். அவள் 0.9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தூரம் ஊன்றுகால் இறங்கிய இடத்திலிருந்து அளக்கப்படுகிறது. சிறுமி இடது காலைப் பின்னால் வைத்து, உடலை அதன் மேல் சாய்த்து, வலது காலைத் தூக்கி எறிகிறாள். அந்தக் கால் திரும்பத் தரையைத் தொடுவதற்குள் பந்து போய்விட்டது. தடுப்பவள் முன்னே வரமுடியாது. கைக்கும் பந்துக்கும் இடையே ஓரடி இடைவெளி கூடிவிட்டது. அதே அடியை முன்னால் வைத்தால் கம்பம் கிட்டும், ஆனால் தடுப்பவளின் கையும் கிட்டும். தானே நெருங்கிப் போனதால் தூரம் குறைந்தது என்று அவள் முறையிட முடியாது.

பின்னடி வைத்தவள் இன்னும் தூரத்திலிருந்து எறிய வேண்டியிருக்கும். உடலும் ஒற்றைக் காலில் நிற்கும். ஆகவே நின்ற இடத்திலிருந்து பத்துக்கு ஏழு போடத் தெரியும்வரை அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கோல் போட ஏழு பேரில் இருவருக்கே உரிமை. அவர்களும் வட்டத்துக்குள் இருந்தால்தான். ஆனால் கால் விதி ஏழு பேருக்கும் பொது. முதல் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுங்கள்.