சூடேறினால் மட்டும் அணையும் கணினி

வீட்டில் விளையாடத் தொடங்கி இருபது நிமிடத்தில் திரை கறுத்து, கணினி மறுபடி தொடங்குகிறது. பழுது பார்க்கும் கடையின் ஏசி அறையிலோ அது ஒழுங்காக ஓடுகிறது. இப்படிப்பட்ட கோளாறை முதலில் நாமாக வரவழைத்துப் பார்க்க வேண்டும்.

பலரும் பிராசஸரைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் அது வீண்பழி. இன்டெல் பிராசஸர்கள் பல 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினி மந்தமாகும், அணையாது. சுற்றியுள்ள மின்பாகங்கள் எல்லாவற்றுக்கும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

முதலில் HWiNFO64-ஐத் திறந்து, வெப்ப அளவுகளைக் கோப்பில் பதியவிடுங்கள். கணினி அணைந்தால் திரையில் இருந்தது போய்விடும். கோப்பின் கடைசி வரிகள் மிஞ்சும். விண்டோஸ் தன் பங்குக்கு Kernel-Power 41 என்று எழுதிவைக்கும். ஒழுங்காக மூடப்படாமல் நின்றது என்பதைத் தவிர அதில் வேறு சேதி இல்லை.

பிறகு Prime95-இல் Small FFTs சோதனையை மட்டும் அரைமணி ஓட்டுங்கள். இது பிராசஸரைக் கொதிக்கவைக்கும். அடுத்து, அதை நிறுத்திவிட்டு FurMark-ஐ மட்டும் ஓட்டி கிராபிக்ஸ் கார்டைச் சூடாக்குங்கள். எந்த விளையாட்டையும்விட இது கடுமையான சுமை என்பதால் பக்கத்திலேயே இருங்கள். தீய்ந்த வாடை வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள்.

தனித்தனியே இரண்டும் தாக்குப்பிடித்தன என்று வைத்துக்கொள்வோம். கார்டு 74 டிகிரி, அதன் Hot Spot 98. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் பதினோராவது நிமிடத்தில் அணைகிறது. கோப்பின் கடைசி வரியில் கார்டு 81, Hot Spot 108. அவசரப்பட்டுச் சூடுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டும் சேரும்போது மின்சாரமும் அதிகம் இழுக்கப்படுகிறது. பவர் சப்ளை தாங்காமலும் விழுந்திருக்கலாம்.

நேரம் ஒரு தடயம். ஆறிக் கிடந்த கணினி, சுமை ஏறிய சில நொடிகளிலேயே விழுந்தால் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். நிமிடக்கணக்கில் தாமதித்தால் சூடு. இன்னும் உறுதியாக அறிய, பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மேசை விசிறியை உள்நோக்கி வைத்து அதே சோதனையை ஓட்டுங்கள். சுமை மாறவில்லை, சூடு மட்டும் குறைந்தது. இப்போது ஒருமணி நேரம் தாங்கினால் குற்றவாளி சூடுதான். கார்டின் மின் வரம்பைக் குறைத்துப் பார்க்கும் வழக்கமான யோசனை இங்கே உதவாது. அதில் சுமையும் சூடும் சேர்ந்தே குறையும்.

எந்தப் பாகம் என்பதை விசிறி சொல்லாது, காற்று எல்லாவற்றையும்தான் குளிர்விக்கிறது. இந்தக் கணக்கில் கார்டுக்கும் Hot Spot-க்கும் 27 டிகிரி இடைவெளி இருப்பதால், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையிலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று முதலில் பார்க்கலாம். பேஸ்ட்டை மாற்றியபின், மூடியைப் பூட்டி, விசிறி இல்லாமல், அதே வெக்கையான மதிய நேரத்தில் இரண்டையும் சேர்த்து மீண்டும் ஓட்டுங்கள். இடைவெளி குறைந்தும் கணினி அணைந்தால், அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது சூட்டில் தளரும் பவர் சப்ளையை.