மூன்று வாரம் மூடி வைத்த வைக்கோல்

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யவில்லை. அடுத்த ஜனவரியில் அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தார். அப்படிப்பட்ட ஆண்டில் வரப்புப் புல் முதலில் போகும். கிணறு இறங்க இறங்கத் தீவனப்புல்லும் சோளத்தட்டும் போகும். கடைசியில் மாடு வைத்திருப்பவர் கையில் மிஞ்சுவது வைக்கோல்தான்.

ஆனால் வைக்கோல் மட்டுமே தின்னும் மாடு, வயிறு நிறைந்திருந்தும் மெலிந்துகொண்டே போகும். விலா எலும்பு தெரியும், பால் வற்றும், சினை பிடிப்பது தள்ளிப்போகும். தீனி போட்டும் உடம்பு தேறவில்லையே என்று வீட்டில் உள்ளவர்கள் குழம்புவார்கள். காரணம் மாட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. அசைபோடும் பிராணியின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையான பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாரைச் செரிப்பவை அவைதான். அவை பெருகி வேலை செய்ய, தீவனத்தில் சுமார் ஏழு சதவீதமாவது புரதம் இருக்க வேண்டும். நெல் வைக்கோலில் இருப்பதோ மூன்று, நான்கு சதவீதம். நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும்போது வைக்கோல் செரிக்காமல் வயிற்றில் தேங்குகிறது. மாடும் அதற்கு மேல் தின்ன முடியாமல் நிறுத்திவிடுகிறது.

இன்னொரு தடையும் உண்டு. வைக்கோலில் மாவுச்சத்தைப் போலவே சக்தி தரக்கூடிய செல்லுலோஸ் நிறைய இருக்கிறது. ஆனால் லிக்னின் என்ற கடினப் பொருள் அதோடு பிணைந்து நுண்ணுயிர்களை அண்ட விடுவதில்லை.

யூரியா இந்த இரண்டு தடைகளையும் ஒரே வேலையில் தளர்த்துகிறது. யூரியாவைக் கரைத்து வைக்கோலில் தெளித்துக் காற்றுப் புகாமல் மூடினால், வைக்கோலில் இயல்பாகவே உள்ள பாக்டீரியாக்களின் யூரியேஸ் நொதி அதை உடைத்து அம்மோனியாவாக மாற்றுகிறது. அந்த அம்மோனியா வைக்கோலுக்குள் ஊடுருவி, லிக்னின் பிடித்திருக்கும் கட்டுகளை அறுக்கிறது; நார் ஊறி உப்பி நுண்ணுயிர்களுக்கு வழிவிடுகிறது. அம்மோனியாவில் ஒரு பங்கு வைக்கோலிலேயே தங்கிவிடுவதால் புரதக் கணக்கு ஏழு, எட்டு சதவீதத்துக்கு ஏறுகிறது. இது நேரடிப் புரதம் அல்ல, தழைச்சத்து. அதை எடுத்து நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்கின்றன. பின்னர் அந்த நுண்ணுயிர்களையே மாடு செரித்துப் புரதமாக்கிக்கொள்கிறது.

ஆக, இங்கே வேலை செய்வது அம்மோனியா. அது உண்டாக ஈரம் வேண்டும், வெளியேறாமல் இருக்க மூட்டம் வேண்டும், ஊடுருவ நாள் வேண்டும். செய்முறை முழுவதும் இந்த மூன்றுக்காகத்தான்.

இரண்டு பசு வைத்திருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாட்டுக்கு நாளொன்றுக்கு ஆறு கிலோ என்றால் மூன்று வாரத்துக்குச் சுமார் 250 கிலோ வைக்கோல் வேண்டும். நூறு கிலோவுக்கு நான்கு கிலோ யூரியா என்பது நிலைத்துவிட்ட அளவு; அப்படிப் பார்த்தால் 10 கிலோ யூரியா, 150 லிட்டர் தண்ணீர். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கலந்து ஊற்றினால் ஓரிடத்தில் அதிகமும் ஓரிடத்தில் குறைவுமாகப் போய்விடும். ஐந்து அடுக்காகப் பிரித்துக்கொள்வதே நல்லது. சிமெண்டுத் தரையிலோ விரித்த பாலித்தீன் தாளின் மேலோ 50 கிலோ வைக்கோலைப் பரப்பி, இரண்டு கிலோ யூரியாவை 30 லிட்டர் தண்ணீரில் முழுதும் கரைத்து, பூவாளியால் சீராகத் தெளிக்க வேண்டும். வைக்கோலைப் புரட்டிவிட்டு, ஆள் ஏறி நன்றாக மிதிக்க வேண்டும். மிதிப்பது இடத்தை மிச்சப்படுத்த அல்ல. உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற. இப்படியே ஐந்து அடுக்கும் முடிந்ததும் பாலித்தீன் தாளால் போர்த்தி, ஓரங்களில் மண்ணைப் போட்டு அடைத்து, மேலே கல்லோ மணல் மூட்டையோ வைத்துவிடலாம். கொட்டகையின் இரு சுவர் கூடும் மூலையில் போட்டால் தாளும் மிச்சம், காற்றும் கிளப்பாது. பெரிய தாள் இல்லாத வீட்டில் உரச்சாக்குகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்தும் போர்த்தலாம்.

21 நாள் பிரிக்கக் கூடாது. நம் ஊர் வெப்பத்துக்கு அந்த அவகாசம் போதும்.

தாளை விலக்கியதும் கண்ணைக் கரிக்கும் காரமான நெடி அடித்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். வைக்கோல் மஞ்சள் மாறிப் பொன்பழுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். கையில் எடுத்தால் முன்னைவிட மெத்தென்றிருக்கும். மஞ்சளாகவே இருந்து நெடியும் இல்லையென்றால் ஈரம் போதவில்லை, அல்லது மூட்டத்தில் எங்கோ ஓட்டை. வெள்ளைப் பூஞ்சணம் பூத்து முக்கல் வாடை வந்தால் அந்தப் பகுதியைக் குப்பைக்குழியில்தான் போட வேண்டும். அதில் நப்பாசை கூடாது. மழையில் நனைந்து ஏற்கெனவே மக்கத் தொடங்கிய வைக்கோலை இதற்கு எடுத்தாலும் இதே கதிதான்.

அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் முதல் நாள் இரவே எடுத்து நிழலில் உதறிப் பரப்ப வேண்டும். ஒட்டாத அம்மோனியா பறந்துவிடும். போரை உடனே மூடிவிட வேண்டும். மாடு முதலில் முகர்ந்துவிட்டு ஒதுங்கலாம். முதல் நாள் கால் பங்கைச் சாதா வைக்கோலோடு கலந்து வைத்து, ஒரு வாரம், பத்து நாளில் முழு அளவுக்குக் கொண்டுவந்தால் பழகிக்கொள்ளும். பழகிய பிறகு முன்னைவிடக் கூடுதலாகவே தின்னும்.

எச்சரிக்கை அவசியமான இடம் ஒன்று உண்டு. மூன்று வாரம் பொறுக்க முடியாமல், இதே அளவு யூரியாவைத் தெளித்து அன்றே மாட்டுக்குப் போடுவது உயிருக்கே ஆபத்து. யூரியா பெருவயிற்றில் ஒரேயடியாக அம்மோனியாவாகி இரத்தத்தில் ஏறிவிடும். கரைசல் உள்ள வாளியையோ தொட்டியையோ மாடு குடித்துவிட்டாலும் இதே நிலைதான். கரைக்கும் வேலை நடக்கும்போது மாடுகள் பக்கத்தில் இருக்கவே கூடாது. எச்சில் வடிதல், உடல் நடுக்கம், வயிறு உப்புதல், மூச்சிரைப்பு ஆகியவை ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே தெரியலாம். உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். வினிகரும் நிறையக் குளிர்ந்த நீரும் புகட்டுவது இதற்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குப் பதப்படுத்திய வைக்கோலைக்கூடக் கொடுக்கக் கூடாது. அதன் பெருவயிறு இன்னும் அந்த வேலைக்குத் தயாராகியிருக்காது.

வைக்கோலில் இல்லாத எல்லாவற்றையும் யூரியா கொண்டுவந்துவிடாது. உயிர்ச்சத்து ஏ-வுக்கான கரோட்டின் அதில் அறவே இல்லை, சுண்ணாம்புச் சத்தும் சரியாகக் கிடைப்பதில்லை. தாது உப்புக் கலவையும், வேலியோர அகத்தியிலோ கிளிரிசிடியாவிலோ ஒடித்த இரண்டு கை தழையும், கொஞ்சம் தவிடும் சேர்ந்தால்தான் பலன் முழுமையாகும். அப்போதுகூட வற்றிய மாட்டின் உடம்பைக் காப்பாற்றவும், கொஞ்சமாகக் கறக்கும் மாட்டைத் தாங்கவுமே இது உதவும். பதினைந்து லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு அடர்தீவனத்தைக் குறைத்துவிட்டு இதை நம்பினால் பால் இறங்கிவிடும்.

1980-களில் இலங்கையில் நெதர்லாந்து உதவியோடு நடந்த வைக்கோல் பயன்பாட்டுத் திட்டமும், பின்னர் இந்தியாவில் நடந்த இந்திய–டச்சுக் கூட்டு ஆய்வும் இந்த முறையை உழவர் வீடுகளிலேயே சோதித்துப் பார்த்தன. சத்து கூடியது. ஆனாலும் பெரும்பாலானவர்கள் தொடர்ந்து செய்யவில்லை. பசும்புல் கிடைக்கும் காலத்தில் வைக்கோலுக்கு இத்தனை பாடுபட அவசியமில்லை. தண்ணீர் தூக்கவும் மிதிக்கவும் ஆள் வேண்டும், தாள் வாங்கக் காசு வேண்டும். பால் விற்க வழியில்லாத ஊரில் அந்தச் செலவு திரும்பி வராது. உழவர்களின் அந்தக் கணக்கு சரியானதே. சொந்த வைக்கோல் கையில் இருந்து, பசும்புல் அறவே அற்று, மாட்டை விற்கவும் மனமில்லாத மாதங்களுக்கான வேலை இது. அதைத் தொடங்குகிறவர் ஒரே போரோடு நிறுத்தினால் இருபத்தோராம் நாள் மறுபடி வெறும் வைக்கோலுக்கே வந்து நிற்பார். முதல் போரைப் பிரிக்கும் அன்றே இரண்டாவதைப் போட்டு மூடியாக வேண்டும்.