எடுக்காத ரீடிங்கும் அடுத்த பில்லும்

மின்சார மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும் ஓர் எண்தான். நேற்று எவ்வளவு செலவானது, போன மாதம் எவ்வளவு என்று அதற்குத் தனித்தனியாகத் தெரியாது. பொருத்திய நாளிலிருந்து மொத்தம் எத்தனை யூனிட் ஓடியது என்பதை மட்டும் காட்டும். பில்லுக்கு வேண்டிய கணக்கு இரண்டு ரீடிங்குகளைக் கழிப்பதில் பிறக்கிறது: இன்றைய எண்ணிலிருந்து சென்ற முறை குறித்த எண்ணைக் கழித்தால் இடைப்பட்ட காலத்தின் யூனிட். ஒரு முறை ரீடிங் எடுக்காமல் விட்டுவிட்டால் யூனிட் எதுவும் காணாமல் போவதில்லை. அடுத்த முறை எடுக்கும் எண்ணுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் அந்த யூனிட்டுகள் எந்த மாதத்தில் செலவாயின என்ற தகவல் போய்விடும். மதிப்பீட்டு பில்லால் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இழப்பிலிருந்து கிளம்புபவை.

வீடு பூட்டியிருந்தாலோ கணக்கீட்டாளர் வர முடியாமல் போனாலோ விநியோக நிறுவனம் பில் போடாமல் இருப்பதில்லை. ஊகமாக ஒரு தொகையைப் போட்டு, பின்னால் சரிசெய்கிறது. அந்த ஊகம் இரண்டு விதமாக அமையும். முதல் விதத்தில் ரீடிங்கே ஊகிக்கப்படுகிறது. பிரிட்டனில் வழக்கம் இதுதான்: மீட்டர் இந்நேரம் இந்த எண்ணில் இருக்கும் என்று கணித்து அதையே பில்லில் அச்சிடுவார்கள், பக்கத்தில் அது மதிப்பீடு என்ற குறிப்புடன். அடுத்த பில் அந்த ஊக எண்ணிலிருந்தே தொடங்கும். ஊகம் குறைவாக இருந்திருந்தால் அடுத்த பில்லில் யூனிட் கூடும். அதிகமாக இருந்திருந்தால் குறையும். திருத்தம் என்று தனி வரி எதுவும் இராது, கழித்தலே திருத்திவிடும். யூனிட்டுக்கு ஒரே விலை உள்ள இடத்தில், இடையில் விலை மாறாதவரை, இந்தத் திருத்தம் பைசா பிசகாமல் அமையும்.

இரண்டாவது விதத்தில் ரீடிங்கைத் தொடுவதில்லை; தொகை மட்டும் ஊகிக்கப்படுகிறது. தமிழ்நாட்டு மின்வாரியம் பின்பற்றுவது இதை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கும் முறையில் ஒரு தவணை ரீடிங் எடுக்க முடியாவிட்டால், முந்தைய தவணையில் கட்டிய தொகையே மறுபடி கேட்கப்படும். பில்லைப் பார்த்தே இதைக் கண்டுகொள்ளலாம்: தொகை போன முறை வந்ததே, ரூபாய் மாறாமல் வந்திருக்கும், வெள்ளை அட்டையில் புதிய ரீடிங் ஏறியிருக்காது. அடுத்த முறை கணக்கீட்டாளர் வரும்போது கடைசியாக உண்மையில் எடுத்த எண்ணிலிருந்து நான்கு மாத யூனிட்டும் ஒன்றாகக் கிடைக்கும். அதற்குரிய கட்டணத்தைப் போட்டு, ஏற்கெனவே கட்டிய ஊகத் தொகையைக் கழித்து மீதியைக் கேட்பார்கள்.

இதில் சிக்கலைக் கொண்டுவருவது படிநிலைக் கட்டணம். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது இந்தச் சிக்கல் தமிழ்நாடு முழுவதும் ஒரே நேரத்தில் வெளிப்பட்டது. மார்ச் இறுதியிலிருந்து கணக்கீட்டாளர்கள் வீடுகளுக்குப் போக முடியாததால், முந்தைய தவணைத் தொகையையே கட்டச் சொல்லி வாரியம் அறிவித்தது. கோடை முழுக்க வீட்டிலேயே அடைபட்டிருந்த குடும்பங்களுக்கு, நான்கு மாதக் கணக்கு மொத்தமாக வந்தபோது தொகை அதிர்ச்சியாக இருந்தது. அந்தப் பில்லைப் பிரித்துப் பார்க்க அன்றைய கட்டண அடுக்கு தேவைப்படும்.

அப்போது வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 201-லிருந்து 500 யூனிட்டுக்குள் இருந்தால், அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய், அதற்கு மேல் 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அடுக்கே மாறிவிடும்: 101 முதல் 200 வரை 3 ரூபாய் 50 பைசா, 201 முதல் 500 வரை 4 ரூபாய் 60 பைசா, அதற்கு மேல் 6 ரூபாய் 60 பைசா, நிலைக்கட்டணம் 50 ரூபாய். 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,130 ரூபாய். 501 ஓடியிருந்தால் 1,786 ரூபாய் 60 பைசா. ஒரே ஒரு யூனிட்டில் 650 ரூபாய்க்கு மேல் ஏறுகிறது. இப்படியொரு கட்டணத்தில் மொத்தம் எத்தனை யூனிட் என்பது மட்டும் தெரிந்தால் போதாது. எந்த இரண்டு மாதத்தில் எத்தனை என்பதும் தெரிய வேண்டும்.

ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பிப்ரவரியில் ரீடிங் 14,220. அந்தத் தவணைக்கு 280 யூனிட், கட்டணம் 470 ரூபாய். ஏப்ரலில் யாரும் வரவில்லை. அதே 470 ரூபாய் கட்டப்பட்டது. ஜூனில் மீட்டர் 15,260 காட்டியது. நான்கு மாதத்துக்கு 1,040 யூனிட்.

இந்த 1,040-ஐ ஒரே தவணையாக வைத்துக் கணக்கிட்டால் கட்டணம் 5,344 ரூபாய் ஆகும், அது நியாயமில்லை. முதல் 100 யூனிட் இலவசம் இரண்டு தவணைக்கும் சேர வேண்டியது, இங்கே ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது; எஞ்சிய யூனிட்டுகளில் பாதிக்கு மேல் உச்ச அடுக்கில் போய் உட்காருகின்றன. அதனால் வாரியம் மொத்த யூனிட்டை இரண்டாகப் பகுத்தது. தவணைக்கு 520 யூனிட். ஒவ்வொன்றுக்கும் 1,912 ரூபாய். இரண்டும் சேர்ந்து 3,824. ஏப்ரலில் கட்டிய 470-ஐக் கழித்தால் ஜூனில் கட்ட வேண்டியது 3,354 ரூபாய். வழக்கமாக 470 கட்டும் வீடு இந்த எண்ணைப் பார்த்துத் திகைப்பது இயல்புதான். ஆனால் இதில் ஒரு பகுதி ஏப்ரலிலேயே கட்டியிருக்க வேண்டிய பாக்கி.

இந்த முறையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது. முந்தைய தவணையின் தொகையைக் கழிப்பது தவறு, அந்தத் தொகைக்குரிய யூனிட்டைத்தான் கழிக்க வேண்டும் என்பது அதில் வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று. 2020 ஜூலையில் வழக்கு தள்ளுபடியானது. கேட்பதற்கு அந்த வாதம் நியாயமாகத்தான் தோன்றும். மேலே சொன்ன வீட்டில் அதைச் செய்துபார்த்தால் வேறு முடிவு வருகிறது. 1,040-இல் 280-ஐக் கழித்தால் ஜூன் தவணையின் தலையில் 760 யூனிட் விழும். அதற்கு 3,496 ரூபாய். வாரியத்தின் கணக்கைவிட 142 ரூபாய் அதிகம். மேலே போகப்போக விலை ஏறும் கட்டணத்தில், யூனிட்டைச் சமமாகப் பரப்புவதுதான் பொதுவாக நுகர்வோருக்கு லாபம். ஒரு பக்கம் குவித்தால் கட்டணம் கூடும்.

அப்படியானால் சமமாகப் பகுப்பது எப்போதும் சரியா என்றால், அதுவும் இல்லை. வீடு உண்மையில் எப்படிப் பயன்படுத்தியது என்பதை அது சொல்வதில்லை. அந்த வீட்டில் மார்ச், ஏப்ரலில் 380 யூனிட்டும், வெயில் ஏறிய மே, ஜூனில் 660 யூனிட்டும் ஓடியதாகக் கொள்ளலாம். உரிய நாளில் ரீடிங் எடுத்திருந்தால் முதல் தவணைக்கு 770, அடுத்ததற்கு 2,836, மொத்தம் 3,606 ரூபாய். பகுத்துப் போட்டதால் 3,824 ஆயிற்று. 380 யூனிட்டில் நின்றிருக்க வேண்டிய தவணை 520-க்கு இழுக்கப்பட்டு, 500-ஐத் தாண்டியதுதான் காரணம். அந்த வீட்டுக்கு 218 ரூபாய் நஷ்டம்.

அதே வீட்டில் இரண்டாவது தவணையில் 80 யூனிட் மட்டும் குறைந்திருந்தால் கதை தலைகீழாகிவிடும். 380-உம் 580-உம் சேர்ந்து 960. பகுத்தால் 480, 480. இரண்டுமே 500-க்குள் அடங்கிவிடுகின்றன. கட்டணம் தவணைக்கு 1,070 வீதம் 2,140 ரூபாய். உள்ளபடி ரீடிங் எடுத்திருந்தால் 3,078 வந்திருக்கும். இங்கே 938 ரூபாய் லாபம். ஒரே விதி, ஒரே தெரு. ஒரு வீட்டுக்கு லாபமும் அடுத்த வீட்டுக்கு நஷ்டமும் ஆகலாம். பின்னால் செய்யும் எந்தத் திருத்தமும் யூனிட் மொத்தத்தைத்தான் சரியாக்க முடியும். படிநிலைக் கட்டணத்தில் ரூபாயை முழுதாகச் சரியாக்க, எடுக்காமல் விட்ட அந்த ரீடிங்தான் வேண்டும்.

ஊகம் அதிகமாகிப்போவதும் உண்டு. குடும்பம் ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்தபோது 470 ரூபாய் பில் வந்து, நான்கு மாதத்தில் ஓடியது மொத்தம் 150 யூனிட் என்றால், பகுத்ததும் தவணைக்கு 75. இரண்டும் இலவசத்துக்குள் அடங்கும். கட்டிய 470-உம் வரவாக நின்று, அடுத்து வரும் பில்லில் கழிய வேண்டும். இந்த வரவு தானாகத் தெரியாமல் போனால் பிரிவு அலுவலகத்தில் வெள்ளை அட்டையையும் கட்டிய ரசீதையும் காட்டிக் கேட்பதுதான் வழி.

திருத்திய பில் சரியா என்று பார்க்க மூன்று இடங்களைக் கவனித்தால் போதும். பில்லின் ‘முந்தைய ரீடிங்’ கடைசியாக நேரில் எடுத்த எண்ணாக இருக்கிறதா என்பது முதலாவது; மேலே சொன்ன வீட்டில் அது 14,220. அடுத்தது, இலவச 100 யூனிட் இரண்டு முறை கழிந்திருக்கிறதா என்பது. இதைப் பார்த்தாலே பகுத்தார்களா இல்லையா என்பது விளங்கிவிடும். பகுக்காமல் விட்டிருந்தால் அந்த வீடு 1,520 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருக்கும். கடைசியாக, இடையில் கட்டிய ஊகத் தொகை கழிந்திருக்கிறதா. கட்டண விகிதங்கள் 2022 செப்டம்பரிலும் அதன் பிறகும் மாறிவிட்டன, வீட்டு இணைப்புக்கு நிலைக்கட்டணமும் நீங்கிவிட்டது. ஆனாலும் இந்த மூன்று சோதனைகளும் அப்படியே பொருந்தும். 500 யூனிட் எல்லையும் இன்னும் முக்கியமானதாகவே இருக்கிறது.

2021 மே மாதம் மறுபடி ஊரடங்கு வந்தபோது வாரியம் கொஞ்சம் மாற்றிச் செய்தது. முந்தைய தவணைக்குப் பதிலாக 2019 மே மாதத் தொகையைக் கட்டச் சொன்னது. கோடைக்குக் கோடையையே அளவாக வைத்ததால் ஊகம் உண்மைக்குச் சற்று நெருங்கியது. அதைவிடப் பயனுள்ள இன்னொரு வழியும் திறந்தது: வீட்டுக்காரரே மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பிரிவு அலுவலகத்துக்கு அனுப்பினால் அந்த ரீடிங்கை வைத்துப் பில் போடப்பட்டது. நமது உதாரண வீட்டில் 2020 ஏப்ரலின் கணக்கெடுப்பு நாளில் 14,600 என்ற எண் தேதியோடு இப்படிப் பதிவாகியிருந்தால், 1,040-ஐப் பகுக்கவே தேவை வந்திருக்காது. 380-உம் 660-உம் அவையவை தத்தம் தவணையில் நின்றிருக்கும். ஏப்ரலில் 770 ரூபாயும் ஜூனில் 2,836 ரூபாயும் கேட்டு இரண்டு சாதாரண பில்கள் வந்திருக்கும்.