ஆண்டின் இடையில் பணியில் சேர்ந்தவரின் முதல் ஊதிய உயர்வு

ஒரு நிறுவனத்தின் மதிப்பீட்டு ஆண்டு தொடங்கிய பின் பணியில் சேரும் ஊழியருக்கு முதல் ஊதிய உயர்வு எந்தத் தேதியில், எந்த அளவில் கிடைக்கும் என்பதை நிர்ணயிக்கும் விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகின்றன. பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்ப உயர்வைப் பகுத்து அளிக்கும் முறை விகிதாசார உயர்வு அல்லது புரோ ரேட்டா இன்கிரிமென்ட் எனப்படுகிறது. இந்தியாவில் பல தனியார் நிறுவனங்கள் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டையே மதிப்பீட்டு ஆண்டாகவும் கொள்கின்றன. சிலவற்றில் அது சனவரியில் தொடங்கும்.

மதிப்பீட்டுக் கடிகாரம் தொடங்கும் நாள்

உயர்வுக்கான காலத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் இரண்டு அடிப்படை முறைகள் உள்ளன.

முதலாவது, பணி ஆண்டு நிறைவு முறை. இதில் ஒவ்வொருவருக்கும் தனிக் கடிகாரம் உண்டு. நவம்பர் 18 அன்று சேர்ந்தவருக்கு அடுத்த நவம்பர் 18 அன்று உயர்வு வரும். எல்லோரும் சரியாக 12 மாதம் காத்திருப்பதால் இங்கே விகிதாசாரக் கணக்குக்கு இடமில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் யாருக்காவது மதிப்பீடு நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால், ஊழியர் எண்ணிக்கை கூடியதும் பல நிறுவனங்கள் இம்முறையைக் கைவிடுகின்றன.

இரண்டாவது, பொதுத் தேதி முறை. எல்லா ஊழியருக்கும் ஒரே நாளில், பெரும்பாலும் ஏப்ரல் 1 அன்று, உயர்வு நடைமுறைக்கு வரும். நிறுவனத்துக்கு வரவு செலவுத் திட்டமிடல் எளிதாகிறது. ஆனால் ஆண்டின் இடையில் சேர்ந்தவர் அந்த நாளில் 2 மாதம் பணியாற்றியிருக்கலாம், 11 மாதமும் பணியாற்றியிருக்கலாம். இந்த வேறுபாட்டைச் சரிசெய்யவே விகிதாசார உயர்வும் தகுதித் தேதியும் பயன்படுகின்றன.

இவற்றோடு தகுதிகாண் காலமும் குறுக்கிடுவதுண்டு. சில நிறுவனங்கள் பணியில் சேர்ந்த நாளிலிருந்து மாதங்களை எண்ணுகின்றன. சில நிறுவனங்கள் தகுதிகாண் காலம் முடிந்து பணி உறுதி செய்யப்பட்ட நாளிலிருந்து எண்ணுகின்றன. தகுதிகாண் காலம் 6 மாதம் என்றால், இரண்டாவது வகையில் கடிகாரம் அரை ஆண்டு தாமதமாகத் தொடங்குகிறது. பணி நியமனக் கடிதத்தில் சேரும் தேதியும் உறுதி செய்யும் காலமும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தால், உயர்வுக்கு அவற்றில் எது கணக்கு என்பதைத் தனியாகக் கேட்டறிவது அவசியம்.

விகிதாசாரக் கணக்கு

அடிப்படைச் சூத்திரம் எளியது.

```
உயர்வு = சம்பளம் × முழு ஆண்டு சதவீதம் × பணியாற்றிய மாதங்கள் ÷ 12
```

மாதச் சம்பளம் 40,000 ரூபாய், அவர் பெற்ற மதிப்பீட்டுக்கு உரிய முழு ஆண்டு உயர்வு 12 சதவீதம் என்று கொள்வோம். அக்டோபர் 1 அன்று சேர்ந்தவர் மார்ச் இறுதியில் 6 மாதம் முடித்திருப்பார். அவருக்கு 12 சதவீதத்தில் பாதி, அதாவது 6 சதவீதம் கிடைக்கும். ஏப்ரல் 1 முதல் அவர் சம்பளம் 2,400 ரூபாய் கூடி 42,400 ரூபாய் ஆகும்.

மாதத்தின் நடுவில் சேர்ந்தவரிடம்தான் சிக்கல் எழுகிறது. நவம்பர் 18 அன்று சேர்ந்தவர் மார்ச் 31 வரை 134 நாட்கள் பணியாற்றியிருப்பார். நாட்கணக்கில் பகுத்தால் உயர்வு ஏறத்தாழ 1,762 ரூபாய். முழு மாதங்களை மட்டும் எண்ணினால் டிசம்பர் முதல் மார்ச் வரை 4 மாதம், உயர்வு 1,600 ரூபாய். சேர்ந்த மாதத்தையும் முழு மாதமாகக் கொண்டால் 5 மாதம், உயர்வு 2,000 ரூபாய். ஒரே ஊழியர், ஒரே மதிப்பீடு. எண்ணும் முறையால் மட்டும் மாதம் 400 ரூபாய் வரை வேறுபடுகிறது. உயர்வுக் கடிதத்தில் வந்த தொகையைச் சூத்திரத்தில் போட்டுப் பின்னோக்கிக் கணக்கிட்டால் எந்த முறை கையாளப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

சதவீதம் எதன் மீது கணக்கிடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் நிலையான சம்பளத்தின் மீது மட்டுமே உயர்வு தருகின்றன. செயல்திறனைப் பொறுத்து மாறும் ஊக்கத்தொகை அதில் சேராது. மொத்தச் சம்பளத் தொகுப்பான சி.டி.சி.யை வைத்துக் கணக்கிட்டு, உயர்வு குறைந்துவிட்டதாக நினைப்பது இதனால் நேரும் பொதுவான குழப்பம்.

தகுதித் தேதியும் 15 மாத இடைவெளியும்

மதிப்பீட்டுக்குச் சற்று முன் சேர்ந்தவரின் பணியை அளவிடப் போதிய காலம் இல்லை என்ற காரணத்தால், பல நிறுவனங்கள் ஒரு தகுதித் தேதியை வைக்கின்றன. உயர்வு ஏப்ரல் 1 என்றால் தகுதித் தேதி செப்டம்பர் 30 ஆகவோ டிசம்பர் 31 ஆகவோ இருக்கலாம். அதற்குப் பின் சேர்ந்தவர்கள் அந்த ஆண்டின் மதிப்பீட்டில் இடம்பெற மாட்டார்கள்.

டிசம்பர் 31 தகுதித் தேதியாக உள்ள நிறுவனத்தில் இருவர் 40,000 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்கிறார்கள். ஒருவர் சேர்ந்தது டிசம்பர் 31, மற்றவர் சனவரி 1. முழு ஆண்டு உயர்வு இரண்டு ஆண்டுகளிலும் 12 சதவீதம். மாதங்கள் முழு மாதங்களாக எண்ணப்படுகின்றன.

முதலாமவருக்கு ஏப்ரலில் 3 மாதத்துக்கு உரிய 3 சதவீதம் கிடைக்கிறது. சம்பளம் 41,200 ரூபாய் ஆகிறது. அடுத்த ஏப்ரலில் முழு 12 சதவீதம் சேர்ந்து 46,144 ரூபாய் ஆகிறது.

இரண்டாமவருக்கு முதல் ஏப்ரலில் எதுவும் இல்லை. 15 மாதம் காத்திருந்து அடுத்த ஏப்ரலில் 12 சதவீதம் பெறுகிறார். சம்பளம் 44,800 ரூபாய். ஒரு நாள் தாமதத்தால் இடைப்பட்ட ஓர் ஆண்டில் 14,400 ரூபாய் குறைகிறது. அதன்பின் மாதந்தோறும் 1,344 ரூபாய் குறைவு தொடர்கிறது. பின்னர் வரும் உயர்வுகள் எல்லாம் சதவீதக் கணக்கில் இந்தச் சம்பளத்தின் மீதே ஏறுவதால், இடைவெளி தானாக மறையாது. ஆண்டுதோறும் சற்று விரியும்.

இதற்குத் தீர்வு விகிதாசாரக் கணக்கிலேயே இருக்கிறது. 12 மாதத்துக்குக் குறைந்தால் உயர்வைக் குறைக்கும் விதி, 12 மாதத்தைத் தாண்டினால் கூட்டவும் வேண்டும். 15 மாதத்துக்கு 15 சதவீதம் கொடுத்தால் இரண்டாமவரின் சம்பளம் 46,000 ரூபாய் ஆகும். முதலாமவருடன் ஏறத்தாழச் சமமாகிவிடும். ஒரு நிறுவனத்தின் கொள்கை சமமானதா என்பதை அறிய இதுவே நேரடியான சோதனை. குறைந்த மாதங்களுக்குக் குறைத்துவிட்டு, கூடிய மாதங்களுக்குக் கூட்டாமல் விட்டால் அந்தக் கொள்கை ஒருபக்கம் சாய்ந்தது.

இதற்கு நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. சனவரியில் சேர்ந்தவரின் சம்பளம் சனவரி மாதச் சந்தை நிலவரப்படி பேசப்பட்டது. ஆகவே ஏப்ரலில் அதை உயர்த்தத் தேவையில்லை என்பது அவ்வாதம். முதல் ஏப்ரலைத் தவிர்ப்பதற்கு இது பொருந்தும். ஆனால் 15 மாதக் காத்திருப்புக்கு 12 மாத உயர்வு மட்டும் தருவதற்கு இது காரணமாகாது.

அரசுப் பணியில் வேறு வழி

இந்திய மத்திய அரசு ஊழியர்களுக்கு உயர்வு பகுத்து அளிக்கப்படுவதில்லை. எப்போது சேர்ந்தாலும் முதல் உயர்வு முழு உயர்வே. தேதி மட்டும் மாறும்.

ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் சூலை 1 மட்டுமே பொது உயர்வுத் தேதியாக இருந்தது. அந்த நாளில் 6 மாதம் நிறைவு செய்திருக்க வேண்டும் என்பது விதி. இதனால் சனவரி முதல் வாரத்தில் சேர்ந்த ஒருவர் சில நாட்கள் குறைந்ததால் அந்தச் சூலையைத் தவறவிட்டு, ஏறத்தாழ 18 மாதம் காத்திருக்க நேர்ந்தது.

ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி வந்த 2016 ஆம் ஆண்டின் திருத்திய ஊதிய விதிகள் சனவரி 1, சூலை 1 என இரண்டு தேதிகளை ஏற்படுத்தின. சனவரி 2 முதல் சூலை 1 வரை நியமிக்கப்பட்டவருக்கு அடுத்த சனவரி 1 அன்றும், சூலை 2 முதல் சனவரி 1 வரை நியமிக்கப்பட்டவருக்கு அடுத்து வரும் சூலை 1 அன்றும் முதல் உயர்வு கிடைக்கும். காத்திருப்பு குறைந்தது 6 மாதம், அதிகம் போனால் 12 மாதம் என்ற எல்லைக்குள் வந்தது.

இங்கும் ஒரு நாளின் விளைவு உண்டு. ஊதிய அட்டவணையின் நான்காம் நிலையில் 25,500 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் 2024 சூலை 1 அன்று சேர்ந்தவர் 2025 சனவரி 1 அன்று 26,300 ரூபாய்க்கு உயர்வார். சூலை 2 அன்று சேர்ந்தவருக்கு அதே உயர்வு 2025 சூலை 1 அன்றுதான். 6 மாதத்துக்கு மாதம் 800 ரூபாய் அடிப்படை ஊதியமும் அதற்குரிய அகவிலைப்படியும் வேறுபடும். எனினும் இருவரும் அட்டவணையில் அதே படிகளிலேயே ஏறுவதால், ஓர் ஆண்டுக்கு அரை ஆண்டு என்ற அளவில் வேறுபாடு நின்றுவிடுகிறது. தனியார் துறை எடுத்துக்காட்டில் கண்டதுபோல எப்போதும் நீடிக்கும் சம்பளக் குறைவாக மாறுவதில்லை.

சேரும் முன் உறுதி செய்ய வேண்டியவை

இந்தியத் தனியார் துறையில் குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேல் சம்பளம் பெறுபவருக்கு ஆண்டுதோறும் உயர்வு அளித்தே தீர வேண்டும் என்று பொதுச் சட்டம் எதுவும் இல்லை. நியமனக் கடிதமும் நிறுவனத்தின் கொள்கை ஆவணமும் கூட்டு ஒப்பந்தம் இருந்தால் அதுவுமே உரிமைக்கு அடிப்படை. எனவே நேர்காணலின்போது வாய்மொழியாகச் சொல்லப்பட்டது பின்னர் பயன்படாமல் போகலாம். தகுதித் தேதி எது, மாதங்கள் எந்த நாளிலிருந்து எண்ணப்படும், தகுதித் தேதியைத் தவறவிட்டால் அடுத்த உயர்வில் கூடுதல் மாதங்கள் சேர்க்கப்படுமா என்ற மூன்றையும் மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பெற்று வைப்பது வழக்கமான பாதுகாப்பு.

சேரும் தேதி தகுதித் தேதிக்கு அருகில் இருந்தால் இரண்டு வழிகள் உள்ளன. பழைய நிறுவனம் விடுவிக்கும் நாள் இடம் கொடுத்தால், சேரும் தேதியைச் சில நாட்கள் முன்னுக்குக் கொண்டுவரலாம். அது முடியாதபோது, 15 மாதக் காத்திருப்பைக் கணக்கில் கொண்டு தொடக்கச் சம்பளத்தைச் சற்றுக் கூட்டிக் கேட்கலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 3 மாத உயர்வான 3 சதவீதத்தைத் தொடக்கத்திலேயே சேர்த்து 41,200 ரூபாய் பெற்றால், முதல் ஏப்ரலில் உயர்வு இல்லாவிட்டாலும் அடுத்த ஏப்ரலில் சம்பளம் 46,144 ரூபாயை எட்டிவிடும். கையெழுத்திட்ட பின் இக்கோரிக்கையை எழுப்பினால், நிறுவனம் அதை அடுத்த மதிப்பீட்டுக்குத் தள்ளிவைக்கவே வாய்ப்பு அதிகம்.