வரைபடமின்றிச் சுருக்கும் அட்டவணை

குவைன் 1952-இல் தொடங்கியதை மெக்ளஸ்கி 1956-இல் அட்டவணையாக்கினார். A, B, C, D என்ற நான்கு மாறிகளில், விடை 1 ஆகும் வரிசைகள் 0, 1, 5, 7, 15 என்று கொள்வோம். அவற்றை இரும எண்ணாக, 1-களின் எண்ணிக்கைப்படி அடுக்குங்கள்: 0000, 0001, 0101, 0111, 1111. ஒரே இடத்தில் மட்டும் மாறும் அண்டை ஜோடிகளைச் சேர்த்து, மாறும் இடத்தில் கோடு போட்டால் கிடைப்பவை:

```
0,1   000-
1,5   0-01
5,7   01-1
7,15  -111
```

கோடுகள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் இவை மேலும் சேராது. பலர் வழுக்குவது இங்கேதான். ஆகவே நான்குமே பிரைம் இம்ப்ளிகன்ட்கள்.

இனி, எந்த எண்ணை எது மூடுகிறது? 0-ஐ முதல் வரி மட்டுமே மூடுகிறது, 15-ஐக் கடைசி வரி மட்டுமே. அவை இரண்டும் தவிர்க்க முடியாதவை. 1-உம் 7-உம் அவற்றிலேயே அடங்கிவிட்டன. மிஞ்சிய 5-க்கு நடு வரிகளில் எதுவும் போதும்:

```
A'B'C' + BCD + A'C'D
A'B'C' + BCD + A'BD
```

இரண்டும் சமச் செலவுதான். எதை எடுப்பது என்று அட்டவணை சொல்லாது.